அவள் எதற்காக வீட்டில் இருக்கிறாள்?

'பொந்தேங்' என்ற மலாய்ச் சொல் நம் வீடுகளில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. பிள்ளை பள்ளிக்குப் போகவில்லையா, பொந்தேங். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை என்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். என் அக்கா மகள் முதலாம் படிவத்தில் ஐந்து வாரம் வீட்டிலேயே இருந்தபோது கிள்ளானில் இருக்கும் எங்கள் சொந்தங்கள் எல்லாரும் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். அவளுக்கு 13 வயது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க சித்தி, ஆனா பேரும் ஸ்கூலும் வேணாம்" என்றாள்.

பொந்தேங் அடிக்கும் பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பும். போகும் இடம் பேரங்காடியாகவோ சைபர் கபேயாகவோ இருக்கும். பெற்றோருக்கு விஷயமே தெரியாது. எங்கள் வீட்டில் நடந்தது அது இல்லை. அவள் எங்கும் போகவில்லை, அறையில்தான் இருந்தாள். அவள் வீட்டில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். காலை ஆறு மணிக்கு வயிற்றுவலி வரும், சில நாள் வாந்தியும் வரும். பள்ளி மணி அடித்து முடிந்த ஒன்பது மணிக்கெல்லாம் வலி போய்விடும். சனி, ஞாயிறு அந்த வலியே கிடையாது. மாலை டியூஷனுக்கு அவளே சைக்கிள் எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று முறை கிளினிக்கில் எம்.சி. வாங்கினார்கள். இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. "நடிக்கிறா" என்றார் மாமா. அப்படி இல்லை. பயம் குடலைப் பிடித்து முறுக்கும்போது வருவது உண்மையான வலிதான். இருபது வயதில் முதல்முறை ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்த எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் வலி உண்மையாக இருப்பது ஒன்று, அதற்கு மருந்து வீட்டில் படுத்திருப்பதுதான் என்பது வேறொன்று.

ஐந்தாவது வாரம், இரண்டாவது எச்சரிக்கைக் கடிதத்தோடு பள்ளியின் ஆலோசக ஆசிரியை அக்காவைக் கூப்பிட்டார். அக்காவுக்கு இரவு ஷிப்டு. மாமா லாரியோடு வெளியூரில் இருந்தார். எனக்குக் காலை நிகழ்ச்சி பத்து மணிக்கு முடிந்துவிடும். அதனால் அக்காவோடு நானும் போனேன். அந்த வேலை நேரத்தால்தான் பிறகு இந்தக் கதையில் எனக்கு ஒரு பங்கு வந்தது.

ஆலோசக ஆசிரியை நம்மவர்தான். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஏன் பள்ளிக்கு வரலன்னு நான் கேட்கப் போறதில்ல. ஏன்னு கேட்டா பிள்ளைங்க 'தெரியல'ன்னுதான் சொல்லும், அது பொய்யும் இல்ல. வராம இருக்கிறதுல அவளுக்கு என்ன கிடைக்குதுன்னு பார்ப்போம்."

ஊடகவியல் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. 'பயன்பாடும் நிறைவும்' என்று ஒரு கோட்பாடு உண்டு. ஒரு நிகழ்ச்சி நேயரை என்ன செய்கிறது என்று கேட்காதே, நேயர் அந்த நிகழ்ச்சியை வைத்து என்ன செய்துகொள்கிறார் என்று கேள் என்பார்கள். ஒரே பாட்டை ஒருவர் தூக்கம் வராமல் கேட்பார், இன்னொருவர் பாத்திரம் கழுவக் கேட்பார். வீட்டில் இருப்பதையும் அப்படிப் பார்க்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

இந்த முறையை அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் கியர்னியும் வெண்டி சில்வர்மேனும் 1990களில் உருவாக்கினார்கள். ஃபங்ஷனல் அசெஸ்மென்ட் என்பார்கள்; 'எதற்காக' மதிப்பீடு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்கு வராத பிள்ளைக்கு நான்கு 'எதற்காக'க்களில் ஒன்றோ, ஒன்றுக்கு மேலோ இருக்கும் என்பது அதன் அடிப்படை. முதலாவது, பள்ளியில் ஏதோ ஒன்று தரும் இனம்புரியாத பதற்றத்திலிருந்து விலகியிருக்க; அது பேருந்தாக இருக்கலாம், நெரிசலான நடைவழியாக இருக்கலாம், தீயணைப்பு மணியாகக்கூட இருக்கலாம். இரண்டாவது, பிறர் முன் நிற்பது, பேசுவது, மதிப்பிடப்படுவது இவற்றிலிருந்து தப்ப. மூன்றாவது, அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் இருக்க, அவர்கள் கவனத்தைப் பெற. நான்காவது, வீட்டிலோ வெளியிலோ கிடைக்கும் சுகத்துக்காக: கைப்பேசி, விளையாட்டு, தூக்கம், நண்பர்கள். முதல் இரண்டில் பிள்ளை ஒன்றை விட்டு ஓடுகிறது. பின் இரண்டில் ஒன்றைத் தேடிப் போகிறது. ஓடுகிற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைத் தேடுகிற பிள்ளைக்குக் கொடுத்தால் வேலை செய்யாது. தலைகீழாகக் கொடுத்தால் கெடுதல்கூட வரும்.

இதை அறிய ஒரு வினாத்தாள் இருக்கிறது. 2002இல் திருத்தி வெளியிட்ட வடிவத்தில் 24 கேள்விகள். பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 0 முதல் 'எப்போதும்' என்பதற்கு 6 வரை எண் போட வேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஆறு கேள்விகள். அந்த ஆறின் சராசரியே அந்தக் காரணத்தின் மதிப்பெண்.

அவளை ஒரு மேசையிலும் அக்காவை இன்னொரு மேசையிலும் உட்கார வைத்தார்கள். ஆசிரியை கேள்விகளைத் தமிழில் சொல்லச் சொல்ல இருவரும் எண் போட்டார்கள். அக்கா போட்டதில் நான்காவது காரணம், அதாவது கைப்பேசிச் சுகம், 4 வந்தது. பிறர்முன் பயம் 3. மகள் போட்டதில் பிறர்முன் பயம் 5, வீட்டுச் சுகம் வெறும் 2. மற்ற இரண்டும் இருவர் தாளிலும் அவற்றுக்குக் கீழேதான் இருந்தன. இரண்டு தாள்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிறர்முன் பயம் 4, சுகம் 3.

இங்கே பெரும்பாலானவர்கள் 4 பெரியது, முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். ஆசிரியை எழவில்லை. தமிழில் வாய்வழியாகக் கேட்டு வாங்கிய எண்கள் ஓர் அறிகுறிதான், தீர்ப்பு இல்லை என்றார். இரண்டு காரணங்களின் மதிப்பெண்ணும் கால் புள்ளி இடைவெளிக்குள் வந்தால் இரண்டையும் சமமாகவே எடுத்துக்கொள்வார்களாம். இங்கே ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தது. அதைவிட, தாயின் எண்ணும் மகளின் எண்ணும் ஏன் இவ்வளவு தள்ளிப் போகின்றன என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது. அம்மா கண்ணில் படுவது காலை பத்து மணிக்குக் கைப்பேசியோடு படுத்திருக்கும் மகள். ஆறு மணிக்குக் குளியலறையில் நடுங்கும் மகளை அவர் பார்ப்பதில்லை. அந்நேரம் தொழிற்சாலைப் பேருந்தில் திரும்பி வந்துகொண்டிருப்பார். அந்த மகளைப் பார்த்தவர் பாட்டி மட்டும்தான், பாட்டியிடம் யாரும் தாள் கொடுக்கவில்லை.

பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து வகுப்பு அட்டவணையோடு பக்கத்தில் வைத்தார். முழுதாக நிற்பதற்கு முன்பான ஆறு வாரத்தில் அவள் வராத நாள்கள் எல்லாம் செவ்வாயும் வியாழனும். அந்த இரண்டு நாளிலும் மலாய்மொழி இரட்டைப் பாடவேளை. மலாய் ஆசிரியர் வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்வார்.

அடுத்து வந்தவை சின்னச் சின்னச் சோதனைகள். ஒரு காலை அக்கா விடுப்பெடுத்து, "நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன், வர்றியா?" என்று கேட்டார். மறுத்தாள். தாயின் அண்மைக்காக வீட்டில் இருக்கும் பிள்ளை இதற்குப் பெரும்பாலும் கிளம்பிவிடும். இரண்டு நாள் காலை முதல் கைப்பேசியை வாங்கி வைத்தார்கள். கோபப்பட்டாள், ஆனால் பள்ளிக்குக் கிளம்பவில்லை. மூன்றாவதாக, "வகுப்புக்குப் போக வேணாம், நூலகத்துல மட்டும் ஒரு மணி நேரம் இரு" என்றார்கள். அரை மணி நேரம் அழுதுவிட்டு, வந்தாள். பள்ளிக் கட்டடமோ, வாசலோ, சீருடையோ பிரச்சினை இல்லை. பார்க்கிற கண்களே பிரச்சினை.

இது வெளிவந்த பிறகுதான் 'பெராங்' கதையும் வெளிவந்தது. மலாயில் 'எ' எழுத்துக்கு இரண்டு ஒலி உண்டு. போர் என்ற சொல்லையும், முடியின் செம்பட்டை நிறத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒரே எழுத்துகளில்தான் எழுதுவார்கள். அந்த 'எ'யை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் பொருள் மாறும். வரலாற்றுப் பகுதி ஒன்றை வாசிக்கும்போது இவள் போரைச் செம்பட்டையாக்கிவிட்டாள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது பெரிய தவறே இல்லை. ஆனால் பின் வரிசையில் ஒருவன் அதே குரலில் திருப்பிச் சொன்னான், வகுப்பு சிரித்தது. அடுத்த மூன்று வாரம் அவள் சிற்றுண்டிச்சாலையைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சொல் பின்னால் வந்தது.

அப்படியானால் கைப்பேசி? அது இரண்டாவதாக வந்து உட்கார்ந்தது. அவள் வீட்டில் இருக்கத் தொடங்கியது கைப்பேசிக்காக இல்லை. ஆனால் வீட்டில் இருந்த ஐந்து வாரத்தில், பயம் குறைந்த நாள்களிலும் அவளை வீட்டிலேயே பிடித்து வைத்தது அதுதான். தாயும் மகளும் போட்ட எண்கள் இரண்டும் பொய்யில்லை. ஒருவர் தொடங்கிய காரணத்தைச் சொன்னார், மற்றவர் தொடரும் காரணத்தைச் சொன்னார்.

ஆசிரியை முதலில் தொட்டது பிள்ளையை இல்லை. கேலி நடந்துகொண்டிருக்கும் இடத்துக்கு ஒரு பிள்ளையைப் படிப்படியாகப் பழக்குவது சிகிச்சை இல்லை, கொடுமை என்றார். எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் மரியாதை கூடியது. கேலி செய்த இரண்டு பையன்களையும் தனித்தனியே அழைத்துப் பேசினார். கட்டொழுங்கு ஆசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் சொல்லி இருக்கைகளை மாற்றினார். மலாய் ஆசிரியர் ஒரு மாதத்துக்கு அவளைப் பெயர் சொல்லி எழுப்பமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சலுகைக்கு முடிவு நாளும் குறித்தார்கள். முடிவு இல்லாத சலுகை இன்னொரு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும்.

வீட்டுக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். பள்ளி நாள்களில் 5.45க்கு எழ வேண்டும், குளித்துச் சீருடை போட வேண்டும், வெளியே கிளம்பும் நேரம் மதியமாக இருந்தாலும். பள்ளி நேரமான 7.30 முதல் 2.10 வரை வைஃபை கிடையாது, கைப்பேசி கிடையாது. மேசையில் பாடப் புத்தகம். 38 பாகைக் காய்ச்சல், தொடர் வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, இப்படி ஏதாவது இருந்தால்தான் உடம்பு சரியில்லாத நாள். இதில் எங்களுக்கு மிகவும் சிரமமாக இருந்தது பாட்டியைச் சம்மதிக்க வைப்பதுதான். "அழுவுற பிள்ளைக்கு ஒரு மிலோ கலக்கிக் குடுத்தா என்னடி குறைஞ்சுப் போவுது?" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். மிலோ கொடுங்கம்மா, பள்ளி விட்டு வந்த பிறகு கொடுங்க என்று சொல்லிச் சமாளித்தோம்.

அதற்குப் பிறகு ஏணி. அவளே ஒரு தாளில் பள்ளியின் ஒவ்வொரு சூழ்நிலையையும் எழுதி, நினைத்தால் எவ்வளவு பயம் என்று 0 முதல் 10 வரை எண் போட்டாள். ஆலோசனை அறைக்கு நடந்து போவது 3. ஓவிய வகுப்பில் உட்காருவது 4. கணிதம் 5. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை 6. மலாய் வகுப்பில் வாசிக்காமல் உட்காருவது 7. இருக்கையில் இருந்தபடி இரண்டு வரி வாசிப்பது 8. வகுப்பின் முன்னால் போய் நின்று பேசுவது 10. பெரியவர்கள் போட்டிருந்தால் கணிதத்தை உச்சியில் வைத்திருப்போம், சிற்றுண்டிச்சாலையை மறந்தே போயிருப்போம்.

அரை நாள் அனுப்புவது என்றால் நம் புத்திக்குக் காலையில் அனுப்பி பத்து மணிக்குக் கூட்டி வருவது என்றுதான் தோன்றும். ஆசிரியை நாளைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கினார். முதல் வாரம் கடைசி இரட்டைப் பாடவேளை மட்டும், 1.10 முதல் 2.10 வரை. காலையில் வந்து பாதியில் போகிற பிள்ளை எல்லார் கண் முன்னாலும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும்; மணிக்கு மணி 'இப்போ போகலாமா' என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும். கடைசி நேரத்தில் வருகிற பிள்ளை மணி அடித்ததும் எல்லாரோடும் சேர்ந்து வெளியே போகும். முடிவைப் பிள்ளையின் பயம் தீர்மானிப்பதில்லை, மணி தீர்மானிக்கிறது. இந்த முறையிலும் ஒரு சிக்கல் உண்டு: நடுவில் நுழைகிறவளை 40 தலைகள் திரும்பிப் பார்க்கும், இவள் பயமே அதுதான். அதனால் பாடம் மாறும் இரைச்சலில், ஓவியப் பட்டறைக்கு எல்லாரும் நடக்கும் கூட்டத்தோடு அவளைச் சேர்த்துவிட்டார்கள். ஆசிரியர்கள் யாரும் 'இத்தனை நாள் எங்கே போனாய்' என்று கேட்கக் கூடாது. தோழிகள் கேட்டால் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தை முதல் நாளே பழகி வைத்திருந்தாள்: "உடம்பு சரியில்ல, இப்போ பரவால்ல."

அவளைக் கூட்டிப் போகும் வேலை எனக்கு. நிகழ்ச்சி முடித்து, கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்கு ஓட்டி, 12.45க்கு வீட்டு வாசலில் நிற்பேன். காரில் எது பேசக் கூடாது என்றுகூட எனக்குக் கட்டளை இருந்தது. 'பயப்படாதே' என்றோ 'உனக்கு ஒண்ணும் ஆகாது' என்றோ சொல்லக் கூடாது. எண் மட்டும் கேட்க வேண்டும். "இப்போ எத்தனை?" "ஆறு." "சரி." அவ்வளவுதான். பேசிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பத்து நிமிட மௌனம் எவ்வளவு கடினம் என்று நேயர்களுக்குப் புரியும்.

இரண்டாம் நாள் 1.35க்கு ஓவிய வகுப்பில் எண் 8 ஆகிவிட்டது. பின்னால் யாரோ வேறு எதற்கோ சிரித்திருக்கிறார்கள். அவளிடம் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. அதை ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் ஆலோசனை அறைக்குப் போகலாம். போனாள். "வீட்டுக்குப் போறேன், சித்தியைக் கூப்பிடுங்க" என்று அழுதாள். ஆசிரியை என்னைக் கூப்பிடவில்லை. மேசையில் பத்து நிமிடக் கடிகாரத்தை வைத்தார், தண்ணீர் கொடுத்தார், மூச்சை மெதுவாக வெளியே விடச் சொன்னார். பத்தாவது நிமிடம் இருவரும் எழுந்து நடந்தார்கள். 1.50க்கு அவள் மறுபடி இருக்கையில் இருந்தாள். 2.10க்கு மணி அடித்தபோது எண் 4.

எட்டில் இருக்கும்போது நான் போய்க் கூட்டி வந்திருந்தால், வீட்டுக்கு வந்ததும் எண் இரண்டாகியிருக்கும். அவள் உடம்பு கற்றுக்கொண்டிருக்கும்: வெளியேறினால்தான் பயம் குறையும். அடுத்த நாள் ஒன்பதில் தொடங்கியிருக்கும். உட்கார்ந்தே இருந்தும் அது எட்டிலிருந்து நாலுக்கு வரும் என்பதை யாரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒருமுறை அனுபவித்தால்தான் உடம்பு நம்பும். அந்த மஞ்சள் அட்டைக்கும் கணக்கு உண்டு: முதல் வாரம் நாளுக்கு இரண்டு முறை, இரண்டாம் வாரம் ஒரு முறை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம், திரும்பிப் போயே ஆக வேண்டும். கணக்கில்லாத அட்டை என்றால் ஆலோசனை அறையே புது வீடாகிவிடும். சில பள்ளிகளில் ஒரு தவணை முழுதும் ஆலோசனை அறையில் உட்கார்ந்து பயிற்சித்தாள் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்களாம். பதிவேட்டில் வருகை நன்றாக இருக்கும்.

தொடர்ந்து மூன்று நாள் எண் நாலுக்கு மேல் போகாமல் இருந்தால் அடுத்த படி. இரண்டாம் வாரம் 11 மணியிலிருந்து; கணிதம் அதில் வந்தது, எதிர்பார்த்ததைவிட எளிதாகப் போனது. மூன்றாம் வாரம் ஓய்வு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாள். சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு தோழி துணை. முதல் நாள் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அடுத்த நாள் நின்றபடி ஒரு கறிபாப். நான்காம் நாள் உட்கார்ந்து பசியாறினாள். அக்காவுக்கு அன்று நான் அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்தால் யாரோ பட்டம் வாங்கிவிட்டார்கள் என்று நினைப்பீர்கள்.

வாசிப்புப் பழக்கம் இதோடு தனியாக நடந்தது. முதலில் ஆலோசனை அறையில் ஆசிரியை முன் மட்டும், பிறகு அந்தத் தோழியும், பிறகு மலாய் ஆசிரியரும், பிறகு நான்கு பிள்ளைகளும். இதில் என்னை விட்டால் ஒரு கை பார்த்திருப்பேன். காற்புள்ளியில் மூச்சு எடுப்பது, எந்த 'எ' எங்கே வரும் என்று பென்சிலால் குறி போடுவது, இதெல்லாம் என் தொழில். ஆசிரியை மென்மையாகத் தடுத்தார். நோக்கம் அவள் தவறில்லாமல் வாசிப்பது இல்லை. தவறாக வாசித்தும் அந்த இடத்திலேயே நிற்க முடிவது. தவறே வராதபடி பயிற்சி கொடுத்தால், தவறு வந்தால் உலகம் இடிந்துவிடும் என்ற நம்பிக்கைக்குத்தான் உரம் போடுகிறோம். ஒரு நாள் வேண்டுமென்றே 'பெராங்' உள்ள பத்தியைக் கொடுத்து, வேண்டுமென்றே தவறாக வாசிக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே வாசித்தாள் என்று கேள்விப்பட்டேன். ஒலிபரப்பில் நாக்கு புரண்டால் நாங்களும் மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறோம். யாரும் எழுந்து ஓடுவதில்லை.

ஐந்தாம் வாரம் முழு நாள் வர வேண்டியது. நடுவில் ஒரு வார விடுமுறை குறுக்கிட்டது. திங்கட்கிழமை காலை வயிற்றுவலி, வாந்தி, கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று எனக்கு ஒலிபரப்பு. வீட்டில் பாட்டியும் மாமாவும்தான். மாமா முன்பு ஒருமுறை அவளை அலாக்காகத் தூக்கிக் காரில் போட்டவர். இந்த முறை ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் சொன்னது இதுதான்: இன்றைக்கு அவள் பள்ளிக்குள் வர வேண்டும், எத்தனை மணிக்கு வந்தாலும் சரி. ஏணியில் ஒரு படி இறங்கலாம், தரைக்கு இறங்கக் கூடாது. 11 மணிக்கு வந்தாள். செவ்வாய் 9.30. முழு நாளுக்கு வர அந்த வாரம் முழுதும் ஆனது. விடுமுறைக்குப் பிந்திய திங்கள் இப்படித்தான் இருக்கும் என்று இப்போது நாட்காட்டியில் முன்கூட்டியே வட்டம் போட்டு வைக்கிறோம். விடுமுறையின் கடைசி இரண்டு நாளும் 5.45க்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிறு மாலை பள்ளி வாசல் வரை ஒரு நடை.

இதை வாசிக்கும் ஆலோசக ஆசிரியர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். பெற்றோருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை பள்ளி நாளில் மட்டும் இல்லாமல் விடுமுறையிலும் முகம் வாடியே இருந்தால், சாப்பாடும் தூக்கமும் போயிருந்தால், முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்காமல் போயிருந்தால், சாவைப் பற்றிப் பேசினால், கையில் வெட்டுக் காயம் தெரிந்தால், ஏணியை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத்தான் முதலில் போக வேண்டும். சோர்வு நோய்க்குள் இருக்கும் பிள்ளையால் படி ஏற முடியாது. எங்கள் ஆசிரியை முதல் சந்திப்பிலேயே இவை ஒவ்வொன்றையும் கேட்டு, இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் வினாத்தாளை எடுத்தார். இன்னொன்று, இத்தனையும் ஐந்தாவது வாரத்தில் தொடங்கியதால்தான் ஏழு வாரத்தில் முழு நாளுக்கு வந்தது. ஒரு வருடம் வீட்டில் இருந்த பிள்ளைக்குப் படிகள் இன்னும் சின்னதாக, இன்னும் நிறையவாக இருக்கும் என்று அவர் முதலிலேயே சொன்னார்.

இப்போது அவள் முழு நாள் போகிறாள். மலாய் வகுப்பில் சலுகைக்குக் குறித்த நாள் வந்தது. இருக்கையில் இருந்தபடி இரண்டு வரி வாசித்தாள், எண் 7இல் தொடங்கி 5இல் முடிந்தது. ஏணித் தாள் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு படியின் மேலும் பச்சைக் கோடு, உச்சியில் இருக்கும் 10 மட்டும் கோடில்லாமல். அது அடுத்த தவணை என்று அவளும் ஆசிரியையும் பேசி வைத்திருக்கிறார்கள். போன வாரம் தானாகவே அந்த 10ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 9 என்று எழுதியிருந்தாள்.